பன்னிரண்டு முகங்களும் பதின்மூன்று பெயர்களும்

அந்தச் சுற்றறிக்கை தையல்காரியின் கைக்கு வந்தபோது அவள் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. அதனால் படித்து முடிக்கும்வரை அவளால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. பள்ளி அலுவலகம் வாழ்நாளில் பெற்ற மிக மரியாதையான வாசிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

பழைய துணியைப் பிரித்துத் திருத்திக் கொடுக்கும் கடை அவளுடையது. இடுப்பு பெருத்தவருக்கு இடுப்பை விரிப்பாள், மெலிந்தவருக்குப் பிடிப்பாள். எதிர் மெஷினில் அவள் தங்கச்சி. நடுவில் தரையில் உட்கார்ந்து, புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே சின்ன உருவம். வீட்டில் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சத்தமா படிக்கா. நானும் கொஞ்சம் அறிவாளி ஆகறேன்" என்றாள் தங்கச்சி.

தையல்காரி குண்டூசிகளை மேசைமேல் துப்பிவிட்டுப் படித்தாள்.

"பெற்றோர் கவனத்திற்கு. வகுப்புக் குழுப்படம் எடுத்த நாளில் வராத பிள்ளைகளைப் பின்னர் படத்தில் சேர்க்குமாறு கோரிக்கைகள் வருகின்றன. கீழ்க்காணும் காரணங்களால் அது இயலாது. ஒன்று: குழுப்படம் திறந்தவெளியில், காலை வெயிலில், ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது. வேறிடத்தில் எடுத்த முகத்தில் நிழல் வேறு பக்கம் விழும். இரண்டு: குழுவை ஏழு எட்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறோம், தனிப்படத்தை இரண்டு மீட்டரில். இரண்டிலும் தலையின் அளவும் மூக்கின் அமைப்பும் ஒத்துப்போகா. மூன்று: பிள்ளைகள் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்துள்ளனர். ஒருவரை நுழைக்க வேண்டுமெனில் பக்கத்திலுள்ளோரை வெட்டி நகர்த்த வேண்டும். பிறர் பிள்ளையின் உருவத்தை அவர்கள் சம்மதமின்றி வெட்ட இயலாது. நான்கு: ஒருவரைச் சேர்த்தால் எல்லா வகுப்பிலும் அனைவரையும் சேர்க்க வேண்டும், அச்சுக்குத் தேதி உள்ளது. ஐந்து: மூலையில் வட்டமிட்டு முகத்தை ஒட்டும் பழைய முறை, அஞ்சலிப் படம் போலுள்ளதாகப் பெற்றோர் கருதியதால் கைவிடப்பட்டது. ஆறு: குழுப்படம் என்பது அந்த நாளின் ஆவணம். ஆவணத்தில் பொய் கூடாது."

படித்து முடித்ததும் தையல்காரி கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்ததில் அவளுக்கே எரிச்சல் வந்தது, ஏனென்றால் சொன்னதெல்லாம் நியாயமாக இருந்தது.

"ஒட்டுப் போட்டா தெரியும்தான்டி" என்றாள் தங்கச்சியிடம். "ஒரே கலர்னு சொல்லி வேற துணிச் சுருள்ல இருந்து துண்டு வெட்டிப் போட்டா, வெயில்ல நின்னா காட்டிக் குடுத்துரும். இதுல ஒண்ணும் தப்பில்ல."

"அப்ப ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?"

"வராத பிள்ளைகள்னு போட்டிருக்கே. இவ போனாளே!"

போனாள். அதுதான் விஷயம். படம் எடுத்த அன்று குண்டூசி தலைக்கு எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பனை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, மற்ற நாள்களைவிட அரைமணி முன்னதாகவே போனாள். மைதானத்தில் பெஞ்சுகளைப் படியாக அடுக்கியிருந்தார்கள். பின்வரிசை பெஞ்சின்மேல் நிற்க வேண்டும், நடுவரிசை நாற்காலி, முன்வரிசை பாயில் சம்மணம். உயரம் பார்த்து வகுப்பாசிரியை முன்தினமே பட்டியல் எழுதியிருந்தார். முன்வரிசையில் பதின்மூன்று பேர், இடமிருந்து நான்காவது குண்டூசி. அந்தப் பட்டியலைத்தான் படத்துக்குக் கீழே அச்சடிப்பார்கள். பட்டியல் முத்திரைக்காக அலுவலகத்தில் கிடந்தது. படக்காரர் அதைக் கேட்டார். வகுப்பாசிரியை சுற்றிப் பார்த்து, சின்ன உருவம், வேகமாக ஓடும் என்று குண்டூசியை அனுப்பினார்.

அலுவலகத்தில் முத்திரை மைப்பெட்டி காய்ந்திருந்தது. 'ஓரமா நில்லு' என்றார்கள். நின்றாள். மை வந்தது, முத்திரை விழுந்தது, பட்டியலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினாள். மைதானத்தில் வேறொரு வகுப்பு பெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது.

படக்காரருக்கு ஒரு வகுப்புக்கு ஏழு நிமிடம். கண்ணிமைப்பவர்களுக்காக ஐந்து தரம் எடுப்பார், ஆளை எண்ண மாட்டார். பாயில் ஓர் இடம் காலியாகத் தெரிந்ததும், "ஒட்டி உக்காருங்க கண்ணுங்களா" என்றிருக்கிறார். பிள்ளைகள் ஒட்டி உட்கார்ந்தார்கள். நான்காவது இடம் மறைந்துபோனது, அத்தனை சுலபமாக.

அன்றிலிருந்து குண்டூசி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அஞ்சாவதோட இந்த ஸ்கூலு முடியுதுல்லம்மா. அப்புறம் யாராவது படத்தப் பாத்தா, நான் இந்த க்ளாஸ்ல படிச்சேன்னு எப்படித் தெரியும்?"

தையல்காரி மறுநாள் கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

அலுவலகக் கவுன்டரில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதில் கை நுழைய ஓர் ஓட்டை, வாய் பேச ஓர் ஓட்டை. வாய் ஓட்டை நிற்பவரின் கழுத்து உயரத்தில் இருந்ததால், பள்ளி அலுவலகத்தில் பேச வருகிறவர்கள் எல்லாரும் முதலில் குனிய வேண்டும். அந்தப் பக்கம் கண்காணிப்பாளர். ஊர் அவரை முத்திரையார் என்று அழைத்தது. அது கேலி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"வராத பிள்ளைய சேக்க முடியாதும்மா. ஆறு காரணம் எழுதியிருக்கோம். படிக்கத் தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா எம்பொண்ணு வந்திருந்தா."

முத்திரையார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். விரலால் கோடு இழுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வெளிச்சம்.

"ஆமா, வந்திருக்கா. அப்ப இந்தச் சுற்றறிக்கை உங்களுக்கு இல்ல. இது வராத பிள்ளைகளோட பெற்றோருக்கு. நீங்க எதுக்கு வந்தீங்க?"

"படத்துல அவ இல்லையே சார்."

"வந்த பிள்ள எப்படிப் படத்துல இல்லாமப் போகும்?" என்று படத்தை எடுத்துக் கண்ணாடிமேல் ஒட்டவைத்தார். கீழே பெயர்கள் அழகாக அச்சாகியிருந்தன. "பாருங்க. அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம், நாலாவது. உங்க பொண்ணு பேரா?"

"பேரு அவளோடதுதான்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இந்தா உக்காந்திருக்கா."

தையல்காரி குனிந்து பார்த்தாள். நான்காவதாக உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு முன்பல் இரண்டு இல்லை. கால்சட்டை போட்டிருந்தது.

"சார், இது பையன்."

"பட்டியல்படி பொண்ணு."

"மொட்டை அடிச்சிருக்கான் சார்!"

"ஏம்மா, முத்திரை போட்ட பட்டியல் பொய் சொல்லுமா? முகம் மாறும். நாளைக்கே அந்தப் பையனுக்கு முடி முளைக்கும், பல்லு முளைக்கும், மீசை முளைக்கும். பட்டியல் மாறாது. அதனாலதான் உலகத்துல எங்கேயும் முகத்த பைல் பண்றதில்ல, பேரத்தான் பைல் பண்றோம்."

வாய் ஓட்டையிலிருந்து நிமிர்ந்தபோது தையல்காரிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அடியே குண்டூசி, உனக்கு மொட்டை நல்லாத்தான்டி இருக்கு" என்று சொல்லி, மகள் முகம் சுருங்குவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அக்கா கொண்டுவந்திருந்த படத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, சுண்ணக்கட்டியால் மேசைமேல் எண்ண ஆரம்பித்தாள்.

"அக்கா, இங்க வா. இவ பேரு நாலாவது, ஆளு இல்ல. அப்ப அஞ்சாவது பேருக்கான பையன் நாலாவதா உக்காந்திருக்கான். ஆறாவது பேருக்கானவ அஞ்சாவது. மொத்த வரிசையும் ஒரு ஆளு தள்ளிப் போச்சு. முதல் மூணு பேரத் தவிர மிச்சம் எல்லாத்துக்கும் அடுத்தவன் பேரு!"

"சட்டையில முதல் பட்டனை விட்டுட்டுப் போட்டா ஆகுமே, அந்த மாதிரி."

"அதேதான். கடைசில ஒரு பேரு மிஞ்சுது பாரு. பதின்மூணாவது. அங்க என்ன இருக்கு?"

பாயின் வலது ஓரத்தில், பன்னிரண்டாவது பிள்ளைக்கு அடுத்து, பள்ளியின் மணல் வாளி இருந்தது. சிவப்பு வர்ணம், முன்பக்கம் வெள்ளையில் 'தீ' என்ற எழுத்து. பட்டியல்படி அந்த வாளி, பள்ளி நிர்வாகக் குழுச் செயலரின் ஒரே மகன்.

இதைச் செயலர் கண்டுபிடிக்க இன்னும் மூன்று நாள் ஆனது. அதற்குள் பள்ளி வேறு வகையில் கலங்கியிருந்தது. ஒன்பது வீடுகளுக்கு ஒன்பது தவறான பிள்ளைகள் போயிருந்தார்கள். ஒரு தகப்பன், மகள் பெயருக்கு நேரே பக்கத்துத் தெருப் பையன் உட்கார்ந்திருப்பதாகப் புகார் எழுதினார். அலுவலகம் அதற்குப் பதில் அனுப்பியது: "தங்கள் மகள் அன்று வந்திருந்தாள் என்பது பதிவேட்டால் உறுதி செய்யப்படுகிறது." செயலர் எழுதவில்லை, நேரில் வந்தார். அவர் தலைமையாசிரியை அறையில் சத்தம் போட்டது சத்துணவுக் கூடம்வரை கேட்டதாகச் சொன்னார்கள். "என் பையன் என்ன, தீயா?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டதாம்.

அடுத்த நாள் தையல்காரியை அலுவலகம் அழைத்தது. இந்த முறை வாய் ஓட்டை இல்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள், நாற்காலிகூடக் கொடுத்தார்கள். நாற்காலி கொடுக்கும் அலுவலகத்திடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அறையில் முத்திரையாரோடு படக்காரரும் இருந்தார். கையில் தொப்பி, நெற்றியில் வேர்வை.

"தீர்வு கண்டுபிடிச்சாச்சும்மா" என்றார் முத்திரையார். "நாலாவது பேர எடுத்துட்டா மீதி எல்லாம் தானா சரியாயிடும். செயலர் மகன் வாளியிலிருந்து வெளியே வந்துடுவான்."

"நாலாவது பேரு எம்பொண்ணு."

"அதான். எடுக்கணும்னா அவ அன்னிக்கு வரலன்னு இருக்கணும். பதிவேட்டுல வந்ததா இருக்கு. பதிவேட்ட நான் சும்மா திருத்த முடியாது, அதுக்கு ஆதாரம் வேணும். நீங்க ஒரு விடுப்புக் கடிதம் குடுத்துடுங்க. அந்தத் தேதி போட்டு. காய்ச்சல்னு எழுதிக்கலாம், ஆட்சேபணையில்ல."

தையல்காரி அவரையே பார்த்தாள். ஆவணத்தில் பொய் கூடாது என்ற ஆறாவது காரணம், நேர் எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது.

"ஏன் சார், மறுபடி ஒரு படம் எடுத்தா என்ன?"

படக்காரர் தொண்டையைச் செருமினார். "எடுத்துரலாங்க. இதுல இருந்து பாப்பாவ ஒட்ட முடியாது, அது நிசம். கண்ணு மூடின பிள்ளைக்கு அடுத்த ஷாட்டுல இருந்து கண்ணு எடுத்து வெப்பேன், ஏன்னா அதே வெயிலு, அதே இடம். இல்லாத பிள்ளைய எங்கிருந்து எடுக்கறது? ஆனா வியாழக்கிழம நான் எப்படியும் வரேன். பெஞ்சு அடுக்கி, ஏழு நிமிசம். எனக்கு ஒரு செலவும் இல்ல."

"நீங்க சும்மா இருங்க" என்றார் முத்திரையார். "ஏழு நிமிஷமா இவருக்கு! மறுபடி எடுத்தா, முதல்ல எடுத்தது தப்புன்னு ஆகும். தப்புன்னா யார் தப்புன்னு கேப்பாங்க. ஆபீஸுன்னா என்னன்னு நினைச்சீங்க? ஒரு தப்பு நடந்தா அது யார் மேலயாவது உக்காரணும். மேல உக்காந்தா தலைமையாசிரியை. நடுவுல உக்காந்தா நான். அதனால கீழ போகுது. கீழ யாரு? உங்க பொண்ணு. சின்னப் பொண்ணு, அவளுக்கு வேல போகுமா, பென்ஷன் போகுமா? ஒரு நாள் காய்ச்சல். அதுவும் முடிஞ்சுபோன காய்ச்சல்."

இவ்வளவையும் அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்கும் தொனியில், கருணையோடு சொன்னார். படக்காரர் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ இங்கதான நின்னா சார்? இந்த ஓரத்துல?"

"நின்னா. ஒழுங்கா நின்னா, பேச்சு மூச்சில்ல. நல்ல பிள்ள. அதான் சொல்றேன், பிரச்சனை பண்ணாத பிள்ளைக்காக நீங்க பிரச்சனை பண்ணாதீங்க."

தையல்காரிக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் அவளிடம் இருந்தது. கோபம் வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அளவு எடுப்பாள். "ஒரு தாள் குடுங்க சார்" என்றாள்.

முத்திரையார் தாளும் பேனாவும் கொடுத்தார். சந்தோஷத்தில் மின்விசிறியைக்கூட அவள் பக்கம் திருப்பினார். அவள் நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். மடித்துக் கொடுத்தாள்.

முத்திரையாருக்கு ஒரு கொள்கை உண்டு, அதை அவர் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வார்: முத்திரை விழுந்தபிறகுதான் அது கடிதம், அதுவரை வெறும் தாள், வெறும் தாளைப் படிப்பது வேலை நேரத்தை வீணாக்குவது. அந்தக் கொள்கைப்படி மைப்பெட்டியில் தொட்டு, ஓங்கி ஒரு குத்து. 'பெறப்பட்டது.' கடிதப் பதிவேட்டில் எண் 614. பொருள் என்ற கட்டத்தில் 'விடுப்பு' என்று எழுதினார். அதன்பிறகு பிரித்துப் படித்தார்.

"ஐயா, என் மகள் அன்று காலை 8.30க்குப் பள்ளிக்கு வந்தாள். 10.10க்குக் குழுப்படத்துக்கான பெயர்ப் பட்டியலை வாங்கிவர அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டாள். மை காய்ந்திருந்ததால் 10.55 வரை அலுவலக ஓரத்தில் நிறுத்திவைக்கப்பட்டாள். அந்த நேரத்தில் படம் எடுக்கப்பட்டது. ஆகவே, பள்ளிக்கு உள்ளேயே இருந்துகொண்டு வகுப்பில் இல்லாமல் போன அந்த நாற்பத்தைந்து நிமிடத்துக்கு மட்டும் விடுப்பு அளிக்குமாறும், அவளை நிறுத்தியது யார் என்று பதிவேட்டில் குறிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இவள் நன்றாக நின்றதாகத் தாங்களே சொன்னீர்கள். அதையும் சேர்த்துக்கொள்ளவும்."

"என்னம்மா இது?"

"விடுப்புக் கடிதம்தான சார் கேட்டீங்க."

"காய்ச்சல் எங்க?"

"காய்ச்சல் வரல சார். வந்திருந்தா எழுதியிருப்பேன்."

அவர் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தார். முத்திரை கண்ணில் பட்டது. கை நின்றது. முப்பது வருடப் பணியில் முத்திரை விழுந்த தாளை அவர் கிழித்ததில்லை. பதிவேட்டில் 614ஐ அடிக்கவும் வழியில்லை. செயலர் வாளி விவகாரத்துக்காக அந்தப் பதிவேட்டை மாலையே கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க இத!" என்றார், கெஞ்சலும் அதட்டலும் கலந்த குரலில்.

"வெறும் தாளா இருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன் சார். இப்ப அது கடிதமாயிடுச்சே" என்றாள் தையல்காரி. படக்காரருக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

மாலையில் செயலர் 614ஐப் படித்தார். தன் மகனை வாளியாக்கியது ஒரு சிறுமியின் காய்ச்சல் இல்லை, அலுவலகத்தின் மைப்பெட்டி என்று அவருக்குப் புரிந்தது. மறுநாள் தலைமையாசிரியை பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசினார். "நம் பள்ளியில் தவறு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அது மறுபடி நடக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றே ஒரு புதிய சுற்றறிக்கை வந்தது. மணல் வாளியின் நிறம் சீருடைக்குப் பொருந்தாத காரணத்தால் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் வியாழக்கிழமை மீண்டும் படம் எடுக்கப்படும் என்றது.

"வாளிக்குத்தான் மரியாத" என்றாள் தங்கச்சி.

"இருக்கட்டும்டி. எந்தச் சாக்குல கதவு தொறந்தா என்ன."

வியாழக்கிழமை குண்டூசிக்கு அம்மாவே சடை பின்னினாள். ரிப்பன் ஒரே தரத்தில் நின்றது. தையல்காரி பள்ளி வாசல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே விடவில்லை, பெற்றோருக்கு அனுமதி மூன்று மணிக்குத்தான். பெஞ்சுகளை அடுக்கினார்கள். வாளியை யாரோ வகுப்பறைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். படக்காரர் இந்த முறை எண்ணினார், விரலை நீட்டி, சத்தமாக. பன்னிரண்டுக்குப் பிறகு பதின்மூன்று என்று சொல்லும்போது வாசல் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். பெயர்களை வகுப்பாசிரியை அங்கேயே, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போதே, வரிசையாகக் கேட்டு எழுதினார். அலுவலகச் சன்னலில் முத்திரையார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் இங்க பாருங்க. கண்ண மூடாதீங்க. ஒண்ணு, ரெண்டு..."

ஐந்து தரம் எடுத்தார். முடிந்ததும் பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். குண்டூசி மட்டும் பாயிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரத்தில் படம் வந்தது. பெயரெல்லாம் அவரவர் முகத்துக்குக் கீழே சரியாக இருந்தது. செயலர் மகன் பதின்மூன்றாவதாக, மனிதப் பிறவியாக, பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் முப்பத்தேழு பேர் கேமராவைப் பார்த்தார்கள். நான்காவது மட்டும் முகத்தை இடப்பக்கம் திருப்பி, உடம்பு எழுந்திருக்கத் தயாராக, அலுவலகச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பள்ளி வாசல்வரை வந்து படத்தைக் கொடுத்த படக்காரர் தலையைச் சொறிந்தார். "அஞ்சு ஷாட்டுலயும் இதே கதைங்க. ஒண்ணுல பாத்திருந்தாக்கூட முகத்த மாத்தி வெச்சிருப்பேன்."

தையல்காரி கடைக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "ஏன்டி, கேமராவப் பாக்காம அங்க என்ன பாத்த?"

குண்டூசி தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"மறுபடியும் கூப்பிட்டுருவாங்களோன்னு பாத்தேம்மா."